ஏழாம் நாள் தானாக மூடப்படும்

அந்த ஏழு நாள் விதியை எழுதியது நான்தான். பிறகு யாராவது துருவிக் கண்டுபிடிப்பதை விட முதலிலேயே சொல்லிவிடுவது மேல்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். கல்வராயன் மலையில் மருத்துவ முகாம் நடத்தும் ஒரு தொண்டு அமைப்புக்கு நாங்கள் செயலி ஒன்று செய்து கொடுத்திருந்தோம். செவிலியர்கள் கர்ப்பிணிகளின் விவரங்களை அதில் பதிவார்கள். கோளாறு ஏதும் வந்தால் அதிலேயே புகார் எழுதுவார்கள். அது என் கணினிக்கு வரும். விவரம் போதாவிட்டால் புகாரை 'கூடுதல் தகவல் தேவை' என்ற நிலைக்கு மாற்றி, என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுவேன். மூன்றாம் நாள் ஒரு நினைவூட்டல் தானாகப் போகும், ஆறாம் நாள் இன்னொன்று. ஏழாம் நாளும் பதில் வராவிட்டால் புகார் தானாக மூடிக்கொள்ளும். புகார் கொடுத்தவர் அதற்குள் ஒரு வரி எழுதினால் போதும், நாள் எண்ணுவது நின்று புகார் மறுபடி என் பட்டியலுக்கு வந்துவிடும். நாங்கள் எழுதினால் நிற்காது.

'ஒண்ணும் வேல செய்யல' என்று மட்டும் எழுதிவிட்டுக் காணாமல் போகிறவர்களால் வெறுத்துப்போய்த்தான் இதைக் கொண்டுவந்தேன். குப்பை போலக் குவிந்திருந்த பழைய புகார்கள் ஒரே மாதத்தில் குறைந்தன. மேலாளர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, தோளில் பையோடு ஒரு செவிலியர் மாடியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். மூச்சு வாங்கியது, ஆனாலும் உட்காரவில்லை.

"என் புகார மூடிக்கினு கீறது யாரும்மா?"

"யாரும் மூடல சிஸ்டர். பதில் வரலன்னா அதுவா மூடிக்கும். ஏழு நாள் டைம் இருக்குதுங்களே."

"மேல டவரே இல்ல. பத்து நாளைக்கு ஒரு வாட்டி கீழ எறங்குனாத்தான் எனக்கு நெட்டு. நீ கேட்டது, ரெண்டு வாட்டி ஞாபகப்படுத்துனது, மூடுனது, நாலும் ஒண்ணா ஒரே நேரத்துல வந்து வுழுது. நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் விடவில்லை.

"மூணு வாட்டி எழுதுனேன், மூணு வாட்டியும் பதில் போட்டேன். நீங்கதான் பாக்கல."

அதற்கு வாய்ப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டே மூடிய புகார்களைத் திறந்தேன். மூன்றின் அடியிலும் அவருடைய பதில் இருந்தது. மூடிய பிறகு வரும் பதில் அங்கே ஒட்டிக்கொள்ளும், ஆனால் புகாரைத் திறக்காது, யாருக்கும் தகவலும் போகாது. விதியை எழுதும்போது அதை நான் யோசிக்கவே இல்லை. பிழைச் செய்தியின் படம் அனுப்பச் சொல்லி மூன்று முறையும் கேட்டிருந்தேன். 'செய்தி எதுவும் வரல, பேருதான் இல்ல, இல்லாதத எப்படி படம் எடுக்கறது' என்று அவர் எழுதியிருந்தார். படிக்கும்போது என் காது சூடாகிவிட்டது.

பேர் என்றால் ஒரு பெண்ணின் பேர். மலையில் எட்டாம் மாதக் கர்ப்பிணி, ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. அழுத்தம் அதிகம் என்று பதிந்தால் ஆபத்துப் பட்டியலில் பேர் வரும். முகாம் வண்டி அந்தப் பட்டியலில் உள்ளவர்களை மட்டும்தான் பெரிய மருத்துவமனைக்கு ஏற்றிப்போகும். இவர் பதிந்த அழுத்தம், கீழே இறங்கி இணையம் கிடைத்ததும் மறைந்துவிடும், கூடவே பேரும் போய்விடும். ஓட்டுநரிடம் வாயால் சொன்னால் பட்டியலில் இல்லை என்கிறாராம்.

"வியாழக்கெழம வண்டி வருது. இந்த வாட்டியும் வுட்டா, அடுத்தது பதினஞ்சு நாள் கழிச்சுதான். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு தாங்குமா?"

அவரை உட்காரவைத்தேன். அங்கே எப்படிப் பதிகிறீர்களோ அப்படியே இங்கே செய்யுங்கள் என்று இணையத்தைத் துண்டித்து ஒரு சோதனைக் கைப்பேசியைக் கொடுத்தேன். அவர் ஒரு பெண்ணின் எடையைப் பதிந்து சேமித்தார். உடனே அடுத்த பெண்ணுக்குப் போனார்.

"அழுத்தம்?"

"ஏறி வந்த ஒடனே பாத்தா தப்பா காட்டும்மா. எல்லாருக்கும் எட போட்டு ஒக்கார வச்சிட்டு, அரமணி நேரம் கழிச்சுத்தான் பிரஷர் பாப்போம்."

ஆக ஒவ்வொரு பெண்ணையும் அவர் இரண்டு முறை சேமிக்கிறார். எங்கள் ஆட்கள் ஒரே மூச்சில் நிரப்பி ஒரே முறை சேமித்துத்தான் சோதித்திருந்தார்கள். அதேபோல் அழுத்தத்தையும் அதிகமாகப் பதியச் சொல்லிவிட்டு இணைப்பைக் கொடுத்தேன். அழுத்தம் இருந்த புதிய பதிவு முதலில் போனது, எடை மட்டும் இருந்த பழைய பதிவு பின்னால் போய் அதை அழித்தது. என் கண் முன்னாலேயே பேர் பட்டியலிலிருந்து விழுந்தது. மறுபடி செய்தோம், மறுபடியும் விழுந்தது.

முகாம் மருத்துவரின் அலுவலகத்தைக் கூப்பிட்டு, வியாழக்கிழமைப் பட்டியலில் அந்தப் பேரைக் கையால் எழுதச் சொன்னேன். எழுத்துப்பூர்வமாகக் கேட்டார்கள். என் பேரிலேயே அனுப்பினேன். பிறகு, நடந்ததைப் படிப்படியாக எழுதி அவருடைய கடைசிப் புகாரை மறுபடி திறந்தேன்.

மதியம், செயலியின் நிரலை எழுதிய சென்னை நிரலர் புகாரைத் திரும்ப 'கூடுதல் தகவல் தேவை'க்குத் தள்ளினார். அந்தச் செவிலியருடைய கைப்பேசியில் செயலி என்னென்ன செய்தது என்று காட்டும் பதிவுக் கோப்பு வேண்டுமாம். மறுபடி ஏழு நாள் எண்ணத் தொடங்கியது. செவிலியர் அதற்குள் மலைக்குப் பேருந்து ஏறிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விதிகளை மாற்றும் உரிமை என்னிடம் இருந்தது. அந்தப் புகாரில் 'புகார் கொடுத்தவர்' என்ற இடத்தில் செவிலியர் பேரை எடுத்துவிட்டு என் பேரைப் போட்டேன். இனி நினைவூட்டல் எனக்கு வரும், நான் பதில் எழுதினால் நாள் எண்ணுவது நிற்கும். சோதனைக் கைப்பேசியின் கோப்பை அனுப்பினேன். அது போதாது என்றார் நிரலர். இன்னொரு முறை செய்து அனுப்பினேன். அவர் நான்கு முறை தள்ளினார், நான்கு முறையும் சில நிமிடங்களில் பதில் போட்டேன். விதியிலும் கைவைத்தேன்: கேள்வி புகார் கொடுத்தவரின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் இனி ஏழு நாள், மூடிய பின் பதில் வந்தால் புகார் தானாகத் திறக்கும், முன்பு அப்படிப் பதில் வந்தவையும் சேர்த்து.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டார்.

"இன்னாம்மா இது? திறந்த புகார் ஜாஸ்தியாய்க்கினே போவுது. யாரக் கேட்டு மாத்துன?"

"யாரையும் கேக்கல சார். அத எழுதனப்பவும் நான் யாரையும் கேக்கல. அப்ப பாராட்டுனீங்க."

"மொதல்ல பழைய மாதிரி வச்சிடு."

"வைக்க மாட்டேன் சார். வேணும்னா நீங்க வச்சிக்கங்க. ஆனா யார் மாத்துனதுன்னு பேரோட பதிவாவும்."

அவர் விதியில் கைவைக்கவில்லை. அந்த வருடம் சம்பள உயர்வில் மட்டும் என்னை மறந்துவிட்டார். போகட்டும்.

வியாழக்கிழமை வண்டி அந்தப் பெண்ணை ஏற்றிப்போனது. கோளாறைச் சரிசெய்ய நிரலருக்கு இன்னும் மூன்று வாரம் ஆனது. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் செவிலியரிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் பேருந்து ஹாரன் கேட்டது. நன்றி, நலமா எதுவும் இல்லை.

"ஏம்மா, அந்தப் பொண்ணுக்குக் கொழந்த பொறந்துட்சி. ரெண்டு பேரும் நல்லாகீறாங்க. கொழந்தயயும் பதிஞ்சிட்டேன், ரெண்டு வாட்டி சேமிச்சுத்தான். நிக்குதான்னு பாரு. பாத்துட்டு சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்."

பார்த்தேன். தாயின் பேருக்குக் கீழே, இன்னும் பேர் வைக்காத குழந்தை இருந்தது.