ஸுஹைரா சொல்லாத பெயர்

புத்தளத்துக் கல்லூரியொன்றில் கணக்கியல் வகுப்புக்குப் பிரதிநிதி ஸுஹைரா. வாய்க்காரிதான், ஆனால் கொடுத்த வாக்கை மீறமாட்டாள்.

பக்கத்துக் கதிரை அம்ஜத்துக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே போனது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தைப் பெரிதாக்கினால்தான் அவனால் வாசிக்க முடியும். பாடம் எடுக்கும் யாக்கோபு சேர் ஸ்லைடுகளை அனுப்புவதோ பாடம் முடிந்த பிறகு, அதுவும் நிறமோ எழுத்தோ மாற்றமுடியாத பீடிஎஃப் ஆக.

"வாப்பாக்குத் தெரிஞ்சா படிச்சது போதும்டு ஊருக்கு, கண்டக்குழிக்கே கூட்டிப்போயிருவார். என்ட பேரச் சொல்லிராத புள்ள," என்று அவன் கெஞ்சியிருந்தான்.

அதனால் பெயர் சொல்லாமல், ஸ்லைடுகளைத் திருத்தக்கூடிய கோப்பாகப் பாடத்துக்கு முதல்நாளே தரும்படி சேருக்கு மின்னஞ்சல் எழுதினாள். எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்க வேண்டியவர்களும் வகுப்பில் உண்டு என்றாள்.

சேர் வகுப்பில் வைத்தே கேட்டார்: "ஆருக்குக் கண் தெரியாது? பேரச் சொல்லுங்க, அவருக்கு மட்டும் தாறன். எல்லாருக்கும் தந்தா என்ட ஸ்லைட் நாளைக்கு டியூஷன் வகுப்பில ஓடும்."

"வகுப்புக்கு வராம வீட்டில படுக்கத்தான் சேர் கேக்குறா!" என்று பின்வரிசை சிரித்தது.

அம்ஜத் தலைகுனிந்துகொண்டான். ஸுஹைரா எழுந்து நின்றாள். சொன்னால் அவன் ஊருக்குப் போய்விடுவான், சொல்லாவிட்டால் அவனுக்குப் பாடம் போய்விடும்.

"பேர் சொல்ல ஏலா சேர். வாக்குக் குடுத்திட்டன். ஸ்லைட் வெளிய போனா என்னப் பிடிங்க."

"பாப்பம்," என்று சேர் முகம் கடுத்தவராய்ப் பாடத்தைத் தொடங்கினார். அம்ஜத் எழுதுவதுபோல் பேனாவை அசைத்துக்கொண்டிருந்தான்.

அன்று பின்னேரம் ஸுஹைரா மறுபடியும் மின்னஞ்சல் எழுதினாள். கேட்டதையே கேட்டாள்: எல்லோருக்கும், முதல்நாளே, பெயர் கேட்காமல்.