பேட்டா சேராத சம்பளம்

ஊர் சுற்றிவிட்டு 1984-இல் திருவண்ணாமலை திரும்பிய நான், அக்கா சந்திரகலா டைப்பிஸ்டாக இருந்த தனியார் பஸ் கம்பெனி ஆபீசில்தான் பொழுதைக் கழித்தேன். டிரைவர் அருணகிரி அங்கே வந்து நின்றார். இரண்டு அறை வீடு கட்டக் கடன் கேட்டிருந்தார். அவருடைய வேலை, சம்பளம் பற்றி வங்கிக்குக் கடிதம் வேண்டும்.

முதலாளி சக்கரபாணிக்கு அவர்மேல் பிரியம். "கார்த்திகையில வாங்கனதப் போடும்மா. தீபத்துக்கு ட்ரிப் ஜாஸ்தி, ட்ரிப்புக்குத் தர்ற பேட்டாவும் ஜாஸ்தி. கண் ஆபரேஷனுக்கு அப்புறமும் நல்லா ஓட்டுறார்னு ஒரு வரி சேத்துக்க."

"கண்ணப் பத்தி பேங்க்ல கேக்கலீங்க. பேட்டா மாசாமாசம் வராதுங்க. சம்பள ரிஜிஸ்டர எடுத்துட்டு வாங்கன்னா என்ன காட்டுவீங்க?" என்றாள் அக்கா.

பெயர், பதவி, சேர்ந்த தேதி, நிரந்தரப் பணி, அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி. அவ்வளவுதான் அடித்தாள். முதலாளி முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.

வங்கியில் உண்மையாகவே ரிஜிஸ்டரைக் கேட்டார்கள். கணக்கு ஒத்துப்போனதால் கடன் கிடைத்தது, ஆனால் ஓர் அறைக்குத்தான் போதுமானதாக இருந்தது.

"ஏம்மா, என் இன்னொரு ரூம் உன் மிஷினுக்குள்ள மாட்டிக்கிச்சே!" என்றார் அருணகிரி.

"தீபத்து பேட்டாவுல கட்டிக்கங்கண்ணே."

எனக்கு அக்கா கல்நெஞ்சக்காரியாகத் தெரிந்தாள்.

ஆனி மாதம் அருணகிரி ஓட்டிய பஸ் பழுதாகி நின்றது. சம்பளம் வந்தது, பேட்டா வரவில்லை. அந்த மாதத் தவணையை அவர் கட்டிவிட்டார். பெரிய கடனாக இருந்திருந்தால் முடிந்திருக்காது. கார்த்திகை முடிந்ததும் அவர் வீட்டு வாசலில் புதுச் செங்கல் இறங்கியது.