சான்றிதழில் ஒரு கட்டம்

ஜெர்மனியில் ஆறு மாதம் வாங்கிய சம்பளத்துக்கு அங்கேயே வரி பிடித்துவிட்டார்கள். அதை இங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளக் கேட்டிருந்தேன். ஆதாரம் கேட்டு வருமான வரித்துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாள் அவகாசம். தராவிட்டால் அதே சம்பளத்துக்கு இங்கேயும் முழு வரி.

எங்கள் ஆடிட்டர் கரையான்சாவடியில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருக்கிறார். வெளிநாட்டு வரியைக் கழிக்கக் கேட்கும் படிவம் 67-ஐ நேரத்தில் போட்டிருந்ததால் அவர் பதறவில்லை. ஜெர்மன் வரி ஆண்டு டிசம்பரில் முடிவதால் கம்பெனி கொடுத்த வரிச் சான்றிதழ்கள் இரண்டு. புரட்டிப் பார்த்தார்.

"பென்ஷனுக்கும் இன்சூரன்சுக்கும் பிடிச்சதெல்லாம் சேராது சார். வருமான வரி மட்டும்தான். ரெண்டையும் கட்டம் கட்டமா இங்கிலீஷ்ல போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அம்பத்தூர் வீட்டில் நான் சொல்லச் சொல்ல மனைவி தட்டச்சு செய்தாள். ஒரு கட்டத்தைத் தாண்டிப் போனேன்.

"இதை விட்டுட்டீங்க."

"அது தேவையில்ல."

போன் கேமராவை அதன் மேல் பிடித்து, திரையில் வந்த மொழிபெயர்ப்பைக் காட்டினாள். சர்ச் வரி, எதிரே ஒரு கோடு.

"சர்ச்சுக்குக் கூடவா வரி பிடிப்பாங்க?"

சொல்ல வேண்டியதாயிற்று. ஜெர்மனி போன முதல் வாரம் அங்கே நகராட்சியில் முகவரி பதியும் படிவத்தில் மதம் கேட்டார்கள். கூட வந்த திருவள்ளூர்க்காரன், "கிறிஸ்டியன்னு எழுதாத மச்சான், சம்பளத்துல தனியா உருவிடுவான்" என்றான். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அவள் கோபப்படவில்லை. "அந்த ஆறு மாசமும் உங்க பேருக்கு நான் சபைச் சந்தா கட்டினேன். ஐயர் உங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்ணாரு" என்றாள். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்.

மறுநாள் ஆடிட்டருக்குப் போன் செய்தேன். அந்த ஒரு கட்டத்தை விட்டுவிடலாமா?

"ஒரிஜினலையும் சேத்துதான சார் ஏத்தறோம்? ஒண்ணு விட்டா மீதியையும் சந்தேகப்படுவாங்க." பிறகு ஆறுதல்போல, "அந்த வரியை நீங்க கட்டியிருந்தாலும் இங்க கழிக்க முடியாது. ரெண்டு நாட்டு ஒப்பந்தத்துல அது வராது" என்றார்.

எனக்கு ஆறுதலாக இல்லை. நான் கேட்டது வரிக்காக அல்ல.

அந்தக் கட்டத்தை அவளே தட்டச்சு செய்தாள். 'மொழிபெயர்ப்பு உண்மையானது' என்ற வாக்கியத்தின் கீழ் நான் கையெழுத்திட்டேன். பாஸ்போர்ட் பக்கங்கள், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு, மாற்று விகிதக் கணக்கீடு எல்லாவற்றோடும் அது போர்ட்டலில் ஏறியது.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. கேட்ட கழிவு முழுவதும் ஏற்கப்பட்டிருந்தது. அவளிடம் காட்டினேன். "நல்லது" என்றாள்.

அந்த ஞாயிறு ஆவடியில் எங்கள் சர்ச்சில், ஆராதனை முடிந்ததும் என் சந்தா அட்டையை நீட்டினாள்.

"இனிமே உங்களத நீங்களே கட்டுங்க."

வாங்கிக்கொண்டு சந்தா கட்டும் வரிசையில் நின்றேன். நான் ஜெர்மனியில் இருந்த அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு மாதம் விடாமல் கட்டியிருந்தது. அட்டையின் மேல் அவள் கையெழுத்தில் என் பெயர்.