நன்றியோடு சேர்த்து ஒரு வரி

மார்சி பெட்ரிக்குக்கு ஐம்பத்தாறு வயது. லாரிகளுக்கு நேரம் ஒதுக்கியே பாதி ஆயுள் போனது. எந்த லாரி எப்போது வர வேண்டும், எந்தக் கதவில் ஒட்டி நிற்க வேண்டும், எந்த டிரைவர் முணுமுணுப்பான், எவன் தூங்கிவிடுவான் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். அமெரிக்காவின் டோலிடோ நகரில் கிழக்குப் பக்கம் இருந்த பர்னிச்சர் கிடங்கு மூடப்பட்டபோது அந்த விரல் நுனி யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. ஒரு கேக் வெட்டி, கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

வீட்டில் வெர்ன். அவள் கணவன். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் ஒத்துழைக்காமல், பாதி வார்த்தையை வாயிலேயே மென்றுகொண்டு ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். பழைய கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு மார்ச்சோடு முடிகிறது. அது முடிந்தால் வெர்னின் உடற்பயிற்சி சிகிச்சையாளரும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. ஆகவே மார்ச்சுக்குள் காப்பீடு தரும் வேலை ஒன்று வேண்டும். மார்சிக்கு அந்தக் குளிர்காலத்தில் வேறு சிந்தனையே கிடையாது.

வேலை தேடுவோருக்கு நூலக மாடியில் ஒரு வகுப்பு நடந்தது. நடத்தியவன் பெயர் டக். சட்டைப் பையில் நாலு பேனா, முகத்தில் எந்நேரமும் கழற்றாத சிரிப்பு. வேலையில்லாதவர்களைப் பார்த்து அப்படிச் சிரிக்க ஒரு தனி மனசு வேண்டும்.

"நேர்காணல் முடிஞ்சு இருபத்து நாலு மணி நேரத்துக்குள்ள நன்றிக் கடிதம் போயிடணும். உங்களைப் பார்த்த ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா. ஒரே கடிதத்தை எல்லாருக்கும் அனுப்பினீங்கன்னா அவங்க பக்கத்துப் பக்கத்து மேசையில வெச்சுப் பார்த்துச் சிரிப்பாங்க. வெறும் நன்றி மட்டும் எழுதினீங்களா, நேரா குப்பைதான். அவங்க பேச்சுல எது உறுத்துச்சோ அதைப் பிடிங்க. அதுக்கு உபயோகமா ஒரு வரி சேருங்க."

"சேர்க்க ஒண்ணும் இல்லேன்னா?" என்றாள் மார்சி.

"ஏதாவது இருக்கும்மா. காதைத் திறந்து வெச்சுக்கோங்க."

மார்சி திறந்தே வைத்திருந்தாள்.

பிப்ரவரியில் ஊர் எல்லையிலிருந்த உணவுக் குளிர்பதனக் கிடங்கு ஒன்று அவளைக் கூப்பிட்டது. பழகிய வேலைதான், லாரிகளுக்கு நேரம் ஒதுக்குவது. எதிரே இரண்டு பேர். மேலாளர் கர்ட் ஹைன்ஸ். தலையை மழித்து, எதையும் முழுதாகக் கேட்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போகிற ஆள். பக்கத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் லாரி மேடையின் மேற்பார்வையாளர் ரோண்டா. பருத்த உடம்பு, கம்பளித் தொப்பி, கையுறை மாட்டிய விரல்களால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"காலையில லாரியெல்லாம் வரிசையா நின்னு நாறுது. ஏன்னு எவனுக்கும் தெரியல. உங்களுக்கு ஏதாவது தோணுதா?" என்றான் கர்ட்.

மார்சிக்கு அந்த நேரம் பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது. நேரத்தைப் பரவலாக்கலாம், டிரைவர்களிடம் பேசலாம் என்று எவரும் சொல்லக்கூடியதைச் சொன்னாள். கர்ட் தன் போனைப் பார்த்தான்.

"வேலை காலை ஆறு மணிக்கு. சிரமம் இல்லையே?"

"ஒரு சிரமமும் இல்லை" என்றாள். அது பொய். வெர்னைத் தனியே விட முடியாது. அவன் தங்கை நாடீன் முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்துவிட்டு வருவதற்கே ஏழாகிவிடும்.

வாசல்வரை கொண்டுவிட ரோண்டாதான் வந்தாள். நடைவழி இயந்திரத்திலிருந்து ஒரு கோப்பை சாக்லேட் பிடித்து மார்சியின் கையில் திணித்தாள். அந்தச் சூடு கைக்குப் பட்டதுமே மார்சிக்குக் கண் கலங்கிவிட்டது. வெர்ன், நாடீன், ஏழு மணி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அட, இதுக்கா அழறீங்க?" என்றாள் ரோண்டா. "எங்கிட்ட டெல்பர்ட்னு ஒரு கிழவன் இருக்கான். பொண்டாட்டிக்கு நினைவு தப்பிப்போச்சு. பகல்நேரக் காப்பகத்து வேன் வந்து அவளை ஏத்துற வரைக்கும் அவனால கிளம்ப முடியாது. ஆறு மணிக்கு அவன் வருகை அட்டையை இயந்திரத்துல நான்தான் தேய்க்கிறேன். அவன் பார்க்கிற லாரிக் கதவு ஏழு வரைக்கும் மூடியே கிடக்கும். கர்ட் கத்துற லாரி வரிசை அதுதான்!" சொல்லிவிட்டு உரக்கச் சிரித்தாள். "உங்களுக்கும் ஒரு வழி பண்ணலாம். முதல்ல வேலை கிடைக்கட்டும். கர்ட்டுக்கு ஒரு பட்டதாரிப் பையன் மேலதான் கண்ணு. நான் உங்களுக்குத்தான் சொல்லப்போறேன், ஆனா அவன் என் பேச்சைக் கேட்டாத்தானே."

பட்டதாரிப் பையன். காரில் திரும்பும் வழியெல்லாம் மார்சியின் காதில் அதுதான் ஓடியது.

சாயங்காலம் வெர்னுக்கு உருளைக்கிழங்கு மசித்துக் கொடுத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள். ரோண்டாவுக்கு எழுதுவது சுலபமாக இருந்தது. சாக்லேட்டுக்கும் அன்புக்கும் நன்றி, மறக்க மாட்டேன். முடிந்தது. கர்ட்டுக்கு எழுதும்போது கை நின்றது. அவனை உறுத்திய விஷயம் தெரியும், பதிலும் தெரியும். பதில் யாருடையது என்பதும் தெரியும்.

அவள் முட்டாள் இல்லை. எழுதினால் என்ன ஆகும் என்று ஒரு கணம் பார்த்தாள். பிறகு யார் பெயரையும் எழுதாமல் இருந்துவிட்டால் போதும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இந்த மாதிரிச் சமாதானத்தை மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்! எழுதினாள்:

'உங்கள் நேரத்துக்கு நன்றி. காலை வரிசை பற்றி நீங்கள் கேட்டபோது சரியாகப் பதில் சொல்லவில்லை, அதன்பின் யோசித்தேன். என் பழைய கிடங்கிலும் குறை லாரிகளில் இல்லை, திறக்காத கதவுகளில்தான் இருந்தது. ஊழியர்கள் அட்டை தேய்க்கும் நேரத்தையும் அவரவர் கதவு திறக்கும் நேரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் பயன் இருக்கலாம்.'

பழைய கிடங்கில் அப்படி எதுவும் நடந்ததில்லை.

"ரெண்டு பேருக்கும்... எழுதிட்டியா?" என்றான் வெர்ன், வார்த்தைகளை ஒவ்வொன்றாக நகர்த்தி.

"எழுதிட்டேன்."

"அந்தம்மாவுக்கு... என்ன எழுதினே?"

"நன்றின்னு."

"நல்ல... பொம்பளை" என்றான் வெர்ன். மார்சி அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

கர்ட் ஒப்பிட்டுப் பார்த்தான். அதற்கு அவனுக்கு ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை. டெல்பர்ட்டையும் ரோண்டாவையும் அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கி வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். ரோண்டாவின் கம்பளித் தொப்பி லாக்கரிலேயே தங்கிவிட்டது. மறுவாரம் மார்சிக்குப் போன் வந்தது. அவள் கேட்ட வேலை மட்டுமல்ல, ரோண்டாவின் மேசையும் சேர்த்து. காப்பீடு முதல் மாதத்திலிருந்தே. தொண்ணூறு நாள் சோதனைக் காலம், அவ்வளவுதான்.

"என் வாழ்க்கையில எனக்கு எதையாவது கத்துக்கொடுத்த ஒரே நன்றிக் கடிதம் உங்களோடதுதான்!" என்று கர்ட் அவள் கையைக் குலுக்கினான். கடிதத்தை அச்செடுத்து, ஊழியர்கள் அட்டை தேய்க்கும் இயந்திரத்துக்கு மேலே ஒட்டினான். கீழே அவள் பெயரோடு.

அதன்பிறகு லாரி மேடையில் அவளோடு யாரும் சாப்பிடவில்லை. அவள் டோனட் பெட்டி வாங்கி வைத்தால் அது சாயங்காலம்வரை திறக்காமல் கிடக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். ஆறு மணியைத்தான் சமாளிக்க முடியவில்லை. முதல் வாரம் வெர்னைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, இடது கைக்குப் பக்கத்தில் போனை வைத்துவிட்டு வந்தாள். ஒரு நாள் நாடீன் வந்து பார்த்தபோது அவன் தரையில் கிடந்தான். சிறுநீர் நனைந்த பைஜாமாவோடு, கூப்பிடக்கூட முடியாமல்.

"நாயைக்கூட இப்படி விட்டுட்டுப் போக மாட்டாங்க, மார்சி" என்றாள் நாடீன்.

உங்களுக்கும் ஒரு வழி பண்ணலாம் என்று சொன்னவளைத்தான் அவளே அனுப்பிவிட்டாளே. இப்போது வழி பண்ண யார் இருக்கிறார்கள்? ரோண்டாவின் மேசை இருந்தது. அட்டை மறந்து வருபவர்களின் நேரத்தைக் கையால் திருத்தும் உரிமை அந்த மேசைக்கு உண்டு. மார்சி நாடீன் வந்தபிறகு கிளம்பி வந்து, தன் நேரத்தைத் தானே ஆறு என்று திருத்திக்கொண்டாள். முதல் நாள் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதுவும் பழகிவிட்டது.

மே மாதம், சோதனைக் காலம் முடியப் போகிற சமயம், கர்ட் அவளை அறைக்குக் கூப்பிட்டான்.

"ரோண்டா ஞாபகம் இருக்கா? வேலையை விட்டுப் போனவங்க யாரும் எனக்கு நன்றி எழுதினதில்லை. அவ எழுதியிருக்கா." கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

'கடைசி நாளில் என்னோடு பேச நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. நீங்கள் கேட்ட கேள்விகளைப் பற்றி அதன்பின் யோசித்தேன். என் பழைய மேசையில் இப்போது இருப்பவரின் அட்டை நேரத்தையும், வாசல் கேமராவில் அவர் கார் நுழையும் நேரத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் பயன் இருக்கலாம்.'

மார்சி இரண்டாம் முறை படிக்கவில்லை. வாசகம் அவளுடையது, அந்த இயந்திரத்துக்கு மேலே தினமும் பார்க்கிறாள். மேடையில் யாரோ அதை ரோண்டாவுக்குப் படித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

"ஒப்பிட்டுப் பார்த்தேன்" என்றான் கர்ட்.

"என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். ஏழு மணி வரைக்கும் பார்த்துக்க ஆள் இல்லை. ரோண்டாவுக்கு அது தெரியும்."

"தெரியாமலா எழுதியிருக்கா?" என்று கர்ட் சிரித்தான். அவனுக்கு நிஜமாகவே அது வேடிக்கையாக இருந்தது. "சோதனைக் காலம், மார்சி. நான் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. காப்பீடு மாசக் கடைசி வரைக்கும் ஓடும். வேற ஏதாவது சேர்த்துச் சொல்லணுமா?"

அவளுக்குச் சேர்க்க ஒன்றுமில்லை.

பாதுகாவலன் ஒருவன் கூடவே நடந்து வந்து அட்டையை வாங்கிக்கொண்டான். மேசையோடு சேர்ந்து தனக்கு வந்த லாக்கரைக் காலி செய்தபோது அடியில் ரோண்டாவின் கம்பளித் தொப்பி கிடந்தது. மார்சி அதை எடுக்கவுமில்லை, தூக்கிப் போடவுமில்லை. வெளியே கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. ஒரு லாரிகூட வரிசையில் நிற்கவில்லை.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மத்தியானம்கூட ஆகவில்லை. நாடீன் சோபாவிலேயே அசந்து தூங்கியிருந்தாள். சாய்வு நாற்காலியில் இருந்த வெர்ன் சாவிச் சத்தத்துக்குத் திரும்பினான். நன்றாக இருக்கும் பாதி முகம் மலர்ந்தது.

"சீக்கிரம்... வந்துட்டே" என்றான். "அந்த கர்ட்... நல்லவன்தான். நன்றி சொன்னியா?"