நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு கோடு

சட்டக் கல்லூரியின் மாலை வகுப்பில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்திரண்டு. பகலெல்லாம் நகராட்சி லைசன்ஸ் பிரிவில் பத்தொன்பது வருஷமாகக் குமாஸ்தா வேலை. ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அரைகுறையாக எதையோ வாயில் போட்டுக்கொண்டு, ஆறரைக்கு வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். பஸ் ஓட்டும் வீட்டுக்காரர் ஆரம்பத்தில், "நீ வக்கீலாகி முதல் கேஸே என் மேலதான் போடப்போற" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார். இப்போது அவரே அவளைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விடுகிறார்.

மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு மூன்று பேர் அடங்கிய அணி வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. வாதாட இரண்டு பேர், ஆராய்ச்சியாளர் ஒருவர். ஆராய்ச்சியாளர் தீர்ப்புகளைத் தேடுவார், தொகுப்பைத் தயாரிப்பார், போட்டியன்று மேசையில் உட்கார்ந்து துண்டுச்சீட்டு நகர்த்துவார். வாயைத் திறக்கக் கூடாது. அக்காவுக்கு வாதாடத்தான் ஆசை. அணித் தேர்வில் நாக்கு ஒட்டிக்கொண்டது, நான்கு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. கிடைத்தது ஆராய்ச்சியாளர் இடம்.

முதல் வாதி இருபத்து மூன்று வயதுப் பெண். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் என்பதால் பட்டப்பெயரே மைக். இரண்டாம் வாதியைக் கடிகாரம் என்பார்கள். யார் பேசினாலும் அவன் கண் மணியின் மேல்தான் இருக்கும். அந்தக் கடிகாரத்தால்தான் அக்காவுக்கு ஒரு வாசல் திறந்தது. இறுதிச் சுற்று நடக்கும் அதே நாளில் அவனுக்கு வேறொரு நுழைவுத் தேர்வு. விதிப்படி அவன் இடத்தில் ஆராய்ச்சியாளர் பேசலாம். அரையிறுதியில் ஜெயித்துவிட்டால் அக்கா எழுந்து நின்று வாதாடுவாள். அதற்காக ஒரு மாதமாகச் சமையலறையில் குக்கரைப் பார்த்து, "கனம் நீதிபதி அவர்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குக்கரும் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டது.

போட்டிக்குக் கொடுத்த வழக்கு அவள் தினமும் தொட்டுப் புழங்குகிற சமாசாரம். ஒரு லாண்டரிக் கடை. புகை வருகிறது என்று புகார். நகர சபை, கடைக்காரருக்கு நோட்டீஸும் கொடுக்காமல் விளக்கமும் கேட்காமல் லைசன்ஸை ரத்து செய்துவிட்டது. போதாக்குறைக்கு, முடிவெடுத்த குழுவின் தலைவருடைய மைத்துனர் அதே தெருவில் இன்னொரு லாண்டரி நடத்துகிறார். இவர்கள் கடைக்காரர் பக்கம். கேட்காமல் முடிவெடுத்தது தப்பு என்பது மைக்கின் வாதம். பாரபட்சத்துக்கு இடமிருக்கிறது என்பது கடிகாரத்தின் வாதம்.

பயிற்சியில் ஒவ்வொரு தடவையும் மைக் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தாள். பயிற்சி கொடுக்கும் வக்கீல் நீதிபதி நாற்காலியில் சாய்ந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்பார்: "சரி, அவரைக் கேட்டிருந்தா மட்டும் முடிவு மாறியிருக்குமா?" இது வேடிக்கைக்குக் கேட்கிற கேள்வி அல்ல. எப்படியும் இதே முடிவுதான் வந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால், தப்பு நடந்திருந்தும் நீதிமன்றம் பரிகாரம் தராமல் போகலாம். மைக் பதிலைச் சுற்றிச் சுற்றி வருவாள். கடிகாரம் நேரம் போவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான்.

அதற்குப் பதில் தேடி அக்கா நூலகத்தில் பழியாகக் கிடந்தாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பழைய தீர்ப்புத் தொகுதி ஒன்றில் அந்த வரி கண்ணில் பட்டது. 'ஒருவரைக் கேட்காதவர்களுக்கு, அவர் என்ன சொல்லியிருப்பார் என்று எப்படித் தெரியும்?'

படித்ததும் அவளுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சாவி போடும் கடைக்காரர் அவள் கவுண்ட்டருக்கு வந்திருந்தார். நடைபாதையை மறிக்கிறது என்று அவர் லைசன்ஸை ரத்து செய்த உத்தரவை அவள்தான் டைப் அடித்திருந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து வைத்தார். கடையை எதிர்ப்புறம் மாற்றிக்கொள்ளச் சொல்லி அதே அலுவலகம் அனுப்பிய கடிதம். மனிதர் அதன்படி மாற்றியும் விட்டார். அறிக்கை எழுதிய ஆய்வாளர் பழைய இடத்தை வைத்து எழுதியிருந்தார். உத்தரவு கையெழுத்தாகிவிட்டது, இனி அப்பீல் போங்கள் என்று மேலதிகாரி சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றார் அவர். அதற்கப்புறம் அவரை அவள் பார்க்கவே இல்லை.

அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள். தொகுப்பு நூறு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால் ஒவ்வொரு தீர்ப்புக்கும் தலைப்புச் சுருக்கம் உள்ள முதல் பக்கம், தேவையான பக்கங்கள், அவ்வளவுதான் ஜெராக்ஸ். முன்னால் பொருளடக்கம், தீர்ப்புக்கு ஒரு வண்ணத் தாள், முதலிலிருந்து கடைசிவரை ஒரே தொடர் எண். அந்த வரி நாற்பத்தேழாம் பக்கத்தில் விழுந்தது. நீதிபதிக்கு ஒன்று, எதிரணிக்கு ஒன்று, தங்களுக்கு ஒன்று என்று மூன்று தொகுப்பு. கெடுவுக்கு ஒரு நாள் முன்பே ஒப்படைத்தாயிற்று. மைக் அந்த வரியைச் சொல்லிப் பார்த்தபோது பயிற்சி வக்கீலே அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். கடிகாரம்கூட, "அக்கா, இது பிரமாதம்" என்றான்.

அரையிறுதி நாள் காலையில் அக்கா மூலப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கலாமென்று நூலகத்துக்குப் போனாள். பைலை அனுப்பிய பிறகும் ஒரு தடவை சரிபார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. பக்கத்தைத் திறந்தாள். அதற்கு முந்தின பக்கத்தை, ஜெராக்ஸ் எடுக்காத அந்தப் பக்கத்தை, அப்போதுதான் நிதானமாகப் பார்த்தாள். மேலே தடித்த எழுத்தில் இருந்தது: 'மேல்முறையீட்டாளரின் வழக்கறிஞர் வாதம்.'

தீர்ப்புத் தொகுதிகளில் சுருக்கத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவில் வக்கீல்களின் வாதத்தையும் அச்சிடுவது உண்டு. முதல் வருஷ மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது. அந்த வரியை எந்த நீதிபதியும் சொல்லவில்லை. என்றோ ஒரு வக்கீல் சொன்னது. தீர்ப்பை முழுக்கப் புரட்டினாள். நீதிபதிகள் வேறு காரணத்தில் வழக்கை முடித்துவிட்டு, அந்த வாதத்தைத் தொடவே இல்லை. ஆசைப்பட்ட வரி கிடைத்த சந்தோஷத்தில், யார் சொன்னது என்று பார்க்காமல் கோடு போட்டிருக்கிறாள். பத்தொன்பது வருஷம் பைல் பார்த்தவள்!

சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள், பொய் சொல்வானேன். எதிரணி கவனிக்காமல் போகலாம். நீதிபதியும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தால் கண்டுபிடிக்க வழியில்லை. ஜெயித்தால் இறுதிச் சுற்றில் அவள் பேசுவாள். ஆனால் மைக் நீதிபதி முன்னால் எழுந்து, நீதிமன்றம் இப்படிச் சொல்லியிருக்கிறது என்று அடித்துச் சொல்வாளே. அதை நினைத்ததும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வராந்தாவில் கறுப்புக் கோட்டைச் சரிசெய்துகொண்டிருந்த மைக்கிடம் பக்கத்தைக் காட்டினாள். மைக் படித்தாள், முகம் வெளுத்தது. "இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. இப்போ வந்து சொல்றீங்களேக்கா" என்றாள். கடிகாரமோ, தொகுப்பை மாற்ற முடியாது, புதிதாக எதையும் சேர்க்க முடியாது, யாரும் பார்க்காததை நாமே போய்ச் சொல்வானேன் என்று பொரிந்து தள்ளினான். மைக் புத்தகத்தை மூடி அக்காவிடம் கொடுத்தாள். பிறகு, தெரிந்த பிறகு நீதிமன்றத்தை ஏமாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

நீதிபதியாக வந்தவர் ஓய்வு பெற்ற தீர்ப்பாய உறுப்பினர், ஒல்லியான அம்மா. மைக் எழுந்ததும் முதல் காரியமாக, தொகுப்பின் நாற்பத்தேழாம் பக்கத்தில் கோடிட்ட பகுதி தீர்ப்பின் பகுதி அல்ல, வழக்கறிஞர் வாதம், அதை ஆதாரமாகக் கொள்ளவில்லை என்றாள். அந்த அம்மா தலையசைத்துக் குறித்துக்கொண்டார். பத்தாவது நிமிஷத்தில் அதே கேள்வி வந்தது. முடிவு மாறியிருக்குமா? மைக் ஒரு கணம் தடுமாறினாள். அக்கா துண்டுச்சீட்டை நகர்த்தினாள். 'புகாரில் சொன்ன புகை எந்தக் கடையுடையது என்றே வழக்கில் இல்லை. தெருவில் இரண்டு லாண்டரி.' மைக் அதைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் புகை என்பதைக் கடைக்காரரைக் கேட்டால்தானே தெரிந்திருக்கும், முடிவு மாறியே இருக்காது என்று நகர சபை எப்படிக் காட்ட முடியும் என்று கேட்டாள். கடிகாரமும் அன்றைக்கு மணியைப் பார்க்காமல் பேசினான்.

இரு தரப்பும் முடிந்ததும் நீதிபதி பேனாவை மூடவில்லை. தொகுப்புக்குத் தனி மதிப்பெண் உண்டு, அந்தப் பக்கத்துக்காக இரண்டு குறைக்க எண்ணியிருக்கிறேன் என்றார். "இந்தத் தொகுப்பைத் தயார் பண்ணினது யாரு? அவங்களைக் கேட்காம குறைச்சா, காலையிலிருந்து நீங்க பேசினதுக்கு என்ன அர்த்தம்?"

அக்கா எழுந்தாள். தேர்வில் நான்கு வாக்கியத்தில் ஒட்டிக்கொண்ட நாக்கு இப்போது ஒட்டவில்லை. தப்பு தன்னுடையது, மற்ற இருவருக்கும் இன்று காலைவரை தெரியாது என்றாள். ஏன் அந்த வரி என்று நீதிபதி கேட்டபோது, சாவிக் கடைக்காரரைப் பற்றிச் சொன்னாள். கடிதத்தைப் பற்றி, ஆய்வாளரின் அறிக்கையைப் பற்றி, தான் டைப் அடித்ததைப் பற்றி. அந்த அம்மா ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. முடிந்ததும், "கேட்டேன்மா. முழுசாக் கேட்டேன். ஆனா தொகுப்புல பிழை பிழைதான். ரெண்டு குறையும்" என்றார்.

ஒரு மதிப்பெண்ணில் தோற்றார்கள். கூட்டிக் கழிக்க யாருக்கும் கணக்கு வாத்தியார் வேண்டியிருக்கவில்லை. இறுதிச் சுற்று போயிற்று. அக்கா தொகுப்புகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினாள். கண்ணீர் திறந்துகிடந்த நாற்பத்தேழாம் பக்கத்தின் மேலேயே விழுந்தது. மைக் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடிகாரத்துக்குத்தான் ஆறவில்லை. "குறைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டு எதுக்குக்கா எழுந்திரிக்கச் சொல்லிக் கேட்கணும்? கேட்டதுல என்ன மாறிச்சு?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தம்பி, அந்தச் சாவிக்காரர் அன்னைக்கு என்கிட்ட லைசன்ஸைத் திருப்பிக் கொடுன்னு கேட்கல. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னுதான் கேட்டார். நான் அவரை உட்காரக்கூடச் சொல்லல. இன்னைக்கு நான் தோத்துட்டேன், ஆனா என்னைக் கேட்டாங்க. அவருக்கு நாங்க என்ன பண்ணினோம்னு இப்பத்தான்பா எனக்கு முழுசாத் தெரியுது."

கடிகாரம் குனிந்தான். பெட்டியின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினான்.