கைபேசியில் வந்த வரைபடமும் எங்கள் கப்போர்டும்

பெரம்பலூரில் எங்களுக்கு ஒரு மரப்பட்டறை உண்டு. மரம் அறுப்பது என் கணவர். ஆர்டர் வாங்குவதும் வெட்ட வேண்டிய அளவுகளை எழுதித் தருவதும் நான்.

ரெட்டிபாளையத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த, சிமெண்ட் ஆலையில் வேலை செய்யும் ஒரு தம்பி, வீட்டு வரைபடத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினார். பின்பக்கப் படுக்கையறைச் சுவரில் கப்போர்டுக்கென்று விட்ட பள்ளத்தில் கதவு வைத்த அலமாரி வேண்டுமாம். தாளை மேசையில் போட்டு உட்கார்ந்தபடியே எடுத்திருந்தார். கீழே ஹால் அகலமாகவும் மேலே படுக்கையறை ஒடுங்கியும் தெரிந்தன. ஹாலுக்குப் பன்னிரண்டு அடி, சமையலறைக்குப் பத்து அடி என்று எழுதியிருந்தது. பள்ளத்துக்கு எண்ணே இல்லை.

போன் போட்டுக் கேட்டேன். "படத்துலயே இருக்குல்லக்கா, பெருசு பண்ணிப் பாருங்க" என்றார்.

என் கணவர் உடனே திரையில் ஸ்கேலை வைத்தார். "ஹால் ஆறு சென்டிமீட்டர், பன்னெண்டு அடி. அப்ப ஒரு சென்டிமீட்டருக்கு ரெண்டடி. பள்ளம் ரெண்டு சென்டிமீட்டர். நாலடி! பலகையை எடு."

"இருங்க. அதே கணக்குல சமையலறையைப் பாருங்க."

சமையலறை நாலு சென்டிமீட்டர். அவர் கணக்கில் எட்டடி. தாளிலோ பத்து.

"அப்ப சமையலறைக் கணக்கை வெச்சுக்குவோம். பள்ளம் அஞ்சடி" என்றார், கொஞ்சமும் அசராமல்.

"சாய்ச்சு எடுத்த படங்க. எழுதியிருக்கறதைப் படிக்கலாம். எழுதாததை ஸ்கேல் வெச்சு எடுக்க முடியாது. எழுதியிருக்கறதும் வரைஞ்சவரோட கணக்கு, கொத்தனார் கட்டினது இல்ல."

ஆத்திரத்தில் அவர் திரையில் படத்தை இரு விரலால் விரித்துப் பெரிதாக்கினார். பள்ளம் ஆறு சென்டிமீட்டர் ஆயிற்று. "இப்ப பன்னெண்டடி!" என்று சொல்லி அவரே சிரித்துவிட்டார்.

மறுநாள் அரியலூர் பஸ் பிடித்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் போனோம். டேப்பின் ஒரு முனையைத் தம்பி பிடித்தார். பூச்சு முடிந்த பள்ளத்தின் அகலம் மேல்பக்கம் நாலடி எட்டு இஞ்ச். கீழே அரை இஞ்ச் குறைவு.

"பிளான்ல அஞ்சடின்னுதான் இன்ஜினியர் வாயால சொன்னாருக்கா" என்றார் தம்பி தலையைச் சொறிந்தபடி. "செங்கல்லை வெட்ட வேண்டாம்னு கொத்தனார் கொஞ்சம் தள்ளிக்கிட்டாரு. அப்புறம் பூச்சு வேற."

ஆழத்தையும் உயரத்தையும் அளந்தேன். கீழ் அளவையே எடுத்து, அதிலும் சிறிது குறைத்து எழுதிக்கொண்டேன். பத்து நாள் கழித்துக் கொண்டுபோய் நிறுத்தியபோது கப்போர்டு சுவரில் உரசாமல் உள்ளே போனது.

அன்று அளந்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் என் கணவர் நான் எழுதிய அளவுச் சீட்டை வாங்கிப் பார்த்தார். வாரணவாசி தாண்டியதும் மெல்லச் சொன்னார்: "நான் சொன்ன நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுலதானே வந்துச்சு?"

நல்லவேளை, கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்து நின்றார்; நான் பையில் சில்லறை தேடத் தொடங்கினேன்.