கோடு போட்ட சட்டையில் பிரேக்

என் தம்பி இருபது வருடமாகச் சக்கர நாற்காலி பழுது பார்ப்பவன். இரண்டு வருடமாக அதையே யூடியூபிலும் சொல்லித் தருகிறான்.

அன்று நான் பார்த்துக்கொள்ளும் வாத்தியாரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டும். பத்து மணிக்கு டாக்டர். பிரேக் போட்டும் சக்கரம் நழுவியது. உட்கார வைத்தால் விழுந்துவிடுவார். தம்பியின் சேனலைத் திறந்தேன். புதிதாக வருபவர்களுக்கென்று மேலே வைத்திருந்த வரவேற்பு வீடியோ தானாக ஓடியது. பதினெட்டு நிமிடமும் அவன் சட்டைகளின் வரலாறு. கீழே பிளேலிஸ்ட்டுகள்: நீலச் சட்டை, கோடு போட்ட சட்டை, மாமியார் தந்த சட்டை.

போன் செய்தேன்.

"பிரேக்கா? அது கோடு போட்ட சட்டை, அக்கா."

"புதுசா வர்றவனுக்கு உன் சட்டை தெரியுமாடா?"

"எந்தச் சட்டை போட்டு எடுத்தேன்னுதான் எனக்கு ஞாபகம் இருக்கு!"

"கோடு குறுக்கயா நெடுக்கயான்னு கேளும்மா" என்றார் வாத்தியார்.

கடைசியில் அந்தப் பட்டியலில் தேடிப் பார்த்தால், டயரில் காற்று குறைவுதான் காரணம். அடித்ததும் பிரேக் பிடித்தது. டாக்டரைப் பார்த்துவிட்டோம்.

மாலையில் தம்பியை உட்கார வைத்து எல்லாவற்றையும் மாற்றினேன். பிளேலிஸ்ட்டுகளுக்குக் கோளாறின் பெயர்: "பிரேக் பிடிக்கலையா?", "சக்கரம் ஆடுதா?". வரவேற்பு வீடியோ நாற்பது விநாடி: எந்தக் கோளாறுக்கு எந்தப் பட்டியல் என்பது மட்டும். தம்பி மனைவி பக்கத்தில் நின்று கவனமாகப் பார்த்தாள்.

மறுநாள் காலை போன்.

"அக்கா, கோடு போட்ட சட்டையக் காணோம்!"

"பிரேக் பட்டியல்ல இருக்குடா."

"வீடியோ இல்லக்கா, சட்டை! உன்னப் பாத்து இவ அலமாரியையும் கோளாறு வாரியா அடுக்கிட்டா."

"அப்ப கிழிஞ்சதுல தேடு" என்றேன்.

அங்கேதான் இருந்தது.